பவரை ஏற்றுவது கண்ணாடியா?

கண்ணாடிக் கடையில் எழுதித் தரும் பவர் அட்டைகளைப் பல வீடுகளில் பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஒரு பெண்ணுக்கு எட்டு வயதில் -1.00. ஒன்பதில் -1.75. பத்தில் -2.50. பதினொன்றில் -3.00. பதிமூன்றில் -4.00. இவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். கண்ணாடி போட்ட நாளிலிருந்துதானே இது ஏறிக்கொண்டே போகிறது? "அப்பவே சொன்னேன், இந்த வயசுல கண்ணாடி போடாதேன்னு. கண்ணு அதுக்கே பழகிடுச்சு பாரு" என்பார் பாட்டி. "ராத்திரி ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்துல கதைப் புத்தகம் படிச்சா வேற என்ன ஆகும்?" என்பார் அம்மா.

இருவரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். பவர் ஏறியது உண்மை, பிள்ளை மங்கிய வெளிச்சத்தில் படித்ததும் உண்மை. ஆனால் குற்றவாளி என்று கை நீட்டிய இடம்தான் தவறு. பவரை ஏற்றுவது எது என்று பார்க்க, மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியை விட்டுவிட்டு, கண்ணுக்கு உள்ளே ஓர் அளவுகோலோடு போக வேண்டும்.

வளர்ந்த மனிதரின் கண் முன்னாலிருந்து பின்னால்வரை ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம். முன்பக்கம் இருக்கும் ஒளி ஊடுருவும் கருவிழிதான் வெளிச்சத்தை மூன்றில் இரண்டு பங்கு வளைக்கிறது. மீதியை உள்ளே இருக்கும் விழி லென்ஸ் பார்த்துக்கொள்கிறது. வளைந்த ஒளிக்கதிர்கள் ஒரு புள்ளியில் கூடுகின்றன. அந்தப் புள்ளி, பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையின் மேல் சரியாக விழுந்தால் தூரத்துக் காட்சி துல்லியம். கண் சற்றே நீண்டுவிட்டால் புள்ளி விழித்திரைக்கு முன்பாகவே கூடிவிடும், திரையை எட்டும்போது கலங்கிவிடும். இதுதான் கிட்டப்பார்வை.

"சற்றே" என்றால் எவ்வளவு? ஏடிஎம் அட்டையின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். கண் அந்த அளவு கூடுதலாக நீண்டாலே மைனஸ் 2 பவர் வந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் இரண்டரை, சிலருக்கு அதற்கும் மேல். எழுத்து தெரிவதும் தெரியாததும் இவ்வளவு சிறிய அளவில்தான் நிற்கிறது.

நாம் பவர் என்று சொல்வதன் அலகு டயாப்டர். கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் அதிகபட்சம் எவ்வளவு தூரம்வரை தெளிவாகப் பார்க்க முடியுமோ, அந்தத் தூரத்தை மீட்டரில் எடுத்து ஒன்றை அதனால் வகுத்தால் டயாப்டர் கிடைக்கும். மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர்வரை தெளிவு. மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். மைனஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர். கண்ணாடி போடுகிறவர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம்: கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பக்கத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். எழுத்து கலங்கத் தொடங்கும் இடத்தை ஸ்கேலால் அளந்து, 100-ஐ அந்த சென்டிமீட்டரால் வகுங்கள். சிலிண்டர் பவர் இல்லாதவர்களுக்குக் கடை அட்டைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் விடை.

இத்தனை நுட்பமான நீளத்தைக் கண் எப்படித்தான் எட்டுகிறது என்பது அடுத்த ஆச்சரியம். பிறந்த குழந்தையின் கண் 17 மில்லிமீட்டர்தான். அங்கிருந்து 24-க்கு வர 7 மில்லிமீட்டர் வளர வேண்டும். வளரும்போதே கருவிழியின் வளைவும் மாறுகிறது, விழி லென்ஸின் பவரும் குறைகிறது. மூன்றும் தனித்தனியாக மாறிக்கொண்டிருந்தாலும், கடைசியில் மூன்றும் அரை மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் சுமார் பிளஸ் 2 பவரோடு பிறக்கிறார்கள், அதாவது கண் கொஞ்சம் குட்டை. ஆறு வயதுக்குள் அது பூஜ்யத்தை நெருங்கிவிடுகிறது. இந்தத் தானியங்கித் திருத்தத்தை நேர்ப்பார்வையாதல் என்று சொல்லலாம். கண் தன் நீளத்தைத் தானே பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறது.

எதைப் பார்த்து? கலங்கலைப் பார்த்து! இதைக் காட்டிக்கொடுத்தவை கோழிக்குஞ்சுகள். 1980-களில் ஃபிராங்க் ஷாஃபெலும் அவரது கூட்டாளிகளும் குஞ்சுகளின் கண்களில் குட்டி லென்ஸ்களை மாட்டினார்கள். மைனஸ் லென்ஸ் மாட்டிய கண்ணில் காட்சி விழித்திரைக்குப் பின்னால் போய் விழும். சில நாட்களில் அந்தக் கண் பின்பக்கமாக நீண்டு காட்சியைப் பிடித்துவிட்டது. பிளஸ் லென்ஸ் மாட்டிய கண்ணில் காட்சி முன்னால் விழும். அந்தக் கண் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டது. முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்று கண்ணுக்குப் பிரித்தறியத் தெரிகிறது.

இன்னும் விந்தை, இதற்கு மூளையின் உத்தரவுகூடத் தேவையில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்ட பிறகும் குஞ்சின் கண் கலங்கலுக்கு ஏற்றபடி வளர்ந்தது. நியூயார்க்கில் ஜோஷ் வால்மன் குழுவினர் கண்ணின் பாதிக் காட்சியை மட்டும் மறைத்துப் பார்த்தார்கள். கண் பாதிப் பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டு வளர்ந்தது. விழித்திரை தன் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக அளவெடுத்து, பின்னாலிருக்கும் சுவருக்கு "நீளு" அல்லது "நில்" என்று இரசாயனச் செய்தி அனுப்புகிறது.

இப்போது அந்த அட்டைகளுக்குத் திரும்பலாம். எட்டு வயதில் மைனஸ் 1, பதிமூன்றில் மைனஸ் 4 என்றால் ஐந்து ஆண்டில் 3 டயாப்டர், அதாவது கண் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டிருக்கிறது. ஆண்டுக்குக் கால் மில்லிமீட்டர். அந்தப் பெண்ணின் உயரமும் அந்த ஆண்டுகளில்தான் வேகமாகக் கூடியிருக்கும். பொதுவாகப் பதின்ம வயதின் கடைசியில் கண்ணின் நீட்சி மெதுவாகி, பலருக்கு இருபதை ஒட்டி நின்றும் விடும். பவரும் நிற்கும்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் அட்டைக்கு முன்னாலும் அவள் பவர் மாறிக்கொண்டுதான் இருந்தது. ஆறு வயதில் பிளஸ் அரை, ஏழில் மைனஸ் கால் என்று போயிருக்கும். அப்போது கரும்பலகை தெரிந்தது, அதனால் யாரும் அளக்கவில்லை. பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை என்று அவள் சொன்ன அன்றுதான் கடைக்குப் போனார்கள். ஏறிக்கொண்டிருந்த ஒன்றின் நடுவில் கண்ணாடி வந்து சேர்ந்தது. நம் கணக்கோ கண்ணாடியிலிருந்து தொடங்குகிறது.

சரி, கண்ணாடியே போடாமல் விட்டிருந்தால்? பாட்டியின் வாதத்தைத் தட்டிக்கழிக்காமல் சோதித்துப் பார்ப்பதுதான் அறிவியலின் மரியாதை. ஒரே பிள்ளைக்கு இரண்டு வாழ்க்கை கிடையாது. எனவே நிறையப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். மலேசியாவில் அப்படியே செய்தார்கள். 9 முதல் 14 வயதுவரையுள்ள 94 பிள்ளைகள். ஒரு பிரிவுக்கு முழுப் பவர் கண்ணாடி. இன்னொரு பிரிவுக்கு வேண்டுமென்றே முக்கால் டயாப்டர் அளவு குறைத்த கண்ணாடி. நம் ஊரிலும் "கொஞ்சம் கம்மியா போட்டுக் குடுங்க, கண்ணு தானா சரியாகட்டும்" என்று கடைக்காரரிடம் கேட்கிறோமே, அதே யோசனைதான். கண்ணாடி கண்ணைக் கெடுக்கும் என்பது சரியானால், குறைத்துப் போட்டவர்களுக்குப் பவர் மெதுவாக ஏற வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்து அளந்தார்கள். முழுப் பவர் போட்டவர்களுக்கு ஏறியது சராசரியாக 0.77 டயாப்டர். குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00. எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்! 2002-இல் இந்த முடிவு வெளியானது. சில ஆண்டுகள் கழித்து இஸ்ரேலில் 48 பிள்ளைகளை வைத்து இதே மாதிரி செய்த சோதனையிலும் குறைத்துப் போட்டதால் எந்த நன்மையும் தெரியவில்லை. வித்தியாசம் பெரிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 0.23 என்பது கடையில் விற்கும் மிகச் சிறிய பவர் படியான காலுக்கும் குறைவு. சீனாவில் கண்ணாடியே போடாமல் இருந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் அவர்களுக்கு வேகம் கொஞ்சம் குறைவாகவும் தெரிந்தது. ஆனால் அங்கே சீட்டுக் குலுக்கவில்லை. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது அந்தந்த வீட்டின் முடிவு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், சரியான பவருள்ள கண்ணாடி கண்ணை மோசமாக்குகிறது என்பதற்கு நம்பத் தகுந்த சாட்சி இல்லை.

"தசை சோம்பேறியாகிவிடும்" என்பது இன்னொரு வாதம். ஊன்றுகோல் பிடித்தால் கால் பலவீனமாவது போல என்று விளக்கமும் சொல்வார்கள். வில்லியம் பேட்ஸ் என்ற நியூயார்க் கண் மருத்துவர் 1920-இல் கண்ணாடியைத் தூக்கிப் போடச் சொல்லி ஒரு புத்தகமே எழுதினார். கண்ணுக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்த வாதம் தலைகீழாகக் கவிழ்கிறது. விழி லென்ஸைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. அருகில் பார்க்கும்போது அது சுருங்கி லென்ஸைத் தடிக்க வைக்கும், தூரத்தைப் பார்க்கும்போது தளரும். மைனஸ் 3 பவர் உள்ள பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டு 33 சென்டிமீட்டரில் புத்தகத்தை வைத்துப் படித்தால் அந்தத் தசைக்கு வேலையே இல்லை. அந்தக் கண் இயல்பாகவே அங்கே குவிந்திருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே தூரத்தில் படித்தால்தான் தசை 3 டயாப்டர் அளவு உழைக்க வேண்டும். ஆக, மைனஸ் கண்ணாடி தசைக்கு ஓய்வு தருவதில்லை, வேலை தருகிறது. அந்தத் தசை எவ்வளவுதான் பலமானாலும் நீண்டுபோன கண்ணைச் சுருக்காது என்பது வேறு விஷயம்.

பிறகு ஏன் கண்ணாடியைக் கழற்றினால் முன்பைவிட மோசமாகத் தெரிகிறது? இதைச் சொல்லாதவர்களே கிடையாது. காரணம் மூளை. மாதக்கணக்கில் கலங்கலையே பார்த்த மூளை, கலங்கிய படத்திலிருந்து எழுத்தை ஊகித்தெடுக்கக் கற்றுக்கொள்கிறது. கலங்கல் பழக்கம் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். கண்ணின் பவர் துளியும் மாறாமலே, கொஞ்ச நேரம் கலங்கலோடு இருந்தவர்கள் அட்டையில் கூடுதல் எழுத்துகளைப் படிப்பதை ஆய்வகத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். கண்ணாடி போட்ட பின் மூளை அந்தத் திறமையைக் கைவிட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, மரத்தில் ஒவ்வொரு இலையும் தனியாகத் தெரியும் என்பது இப்போது நமக்குத் தெரிந்துவிட்டது. கண் அதேதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல காட்சி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் விவரமான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம்: மைனஸ் லென்ஸ் மாட்டிய கோழிக்குஞ்சின் கண் நீண்டதே, பிள்ளையின் கண்ணும் அப்படி நீளாதா? அருமையான கேள்வி. வித்தியாசம் தொடங்கிய இடத்தில் இருக்கிறது. குஞ்சின் கண் நன்றாக இருந்தது. மைனஸ் லென்ஸ் காட்சியைத் திரைக்குப் பின்னால் தள்ளியது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குக் காட்சி ஏற்கெனவே முன்னால் நிற்கிறது. சரியான மைனஸ் அதைத் திரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது, பின்னால் தள்ளுவதில்லை. ஆனால் தேவைக்கு மேல் மைனஸ் கொடுத்தால் குஞ்சின் கதைதான். மாறுகண் போக்குள்ள சிறுவர்களுக்குச் சிகிச்சையாக வேண்டுமென்றே 2.5 டயாப்டர் கூடுதல் மைனஸ் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்கச் சோதனை உண்டு. ஓர் ஆண்டில் அவர்களின் பவர் சராசரியாக 0.42 டயாப்டர் மைனஸ் பக்கம் நகர்ந்தது. சாதாரணக் கண்ணாடி போட்டவர்களுக்கு 0.04 மட்டுமே. பாட்டியின் பயத்தில் ஒரு சிறிய மூலையில் உண்மை இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

கூடுதல் மைனஸ் எப்படி வந்து சேரும்? பிள்ளைகளின் வளையத் தசை பலமானது. பெட்டி போன்ற கருவியில் தாடையை வைத்து உள்ளே தெரியும் படத்தைப் பார்க்கும்போது, அது பக்கத்தில் இருப்பதாக நினைத்துத் தசை இறுகிவிடும். இறுகினால் கருவி இல்லாத மைனஸைக் காட்டும். பவரே இல்லாத பிள்ளைக்கு மைனஸ் முக்கால் என்று அச்சடித்துத் தரும். இதைத் தடுக்கத்தான் கண் மருத்துவமனைகளில் சொட்டு மருந்து விட்டு, தசை தளரும்வரை உட்கார வைத்து, பிறகு அளக்கிறார்கள். அன்றைக்குப் பூராவும் பிள்ளைக்குக் கண் கூசும், புத்தகம் தெரியாது, நச்சரிக்கும். இருந்தாலும் அந்த ஒரு நாள் தொல்லைதான் தப்பான கண்ணாடியிலிருந்து காப்பாற்றுகிறது.

பெரியவர்களின் கதை வேறு. நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கத் தொடங்கும் வெள்ளெழுத்தில் கண் நீள்வதில்லை. விழி லென்ஸ் வயதோடு இறுகி, தசை எவ்வளவு இழுத்தாலும் தடிக்க மறுக்கிறது. முதலில் பிளஸ் 1, ஐம்பதில் பிளஸ் 2, அறுபதில் இரண்டரை என்று ஏறும். கண்ணாடி போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே மாதிரி. போடாமல் வீம்பு பிடித்ததால் லென்ஸ் இளகியதாக வரலாறு இல்லை. போட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அசாம் தேயிலைத் தோட்டங்களில் கணக்கு இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் கிட்டக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் பறித்த கொழுந்து 21.7 சதவீதம் கூடியது. 2018-இல் வெளியான இந்த ஆய்வில் புது மருந்தும் இல்லை, புது இயந்திரமும் இல்லை.

இனி அம்மாவின் புகார்: மங்கிய வெளிச்சம். வெளிச்சத்தின் அலகு லக்ஸ். ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லக்ஸ். முழு நிலவு தருவது ஏறக்குறைய கால் லக்ஸ்தான். வீட்டு டியூப்லைட் வெளிச்சம் நூறு, இருநூறு. உச்சி வெயில் ஒரு லட்சம். நிலவிலிருந்து வெயிலுக்குப் பல லட்சம் மடங்கு, ஒரே கண் இத்தனைக்கும் ஈடுகொடுக்கிறது. கண்மணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை விரியக்கூடியது என்றாலும், அதனால் உள்ளே வரும் வெளிச்சம் 16 மடங்குதான் கூடும். மீதி வித்தையெல்லாம் விழித்திரையில். பகலுக்கும் நிறத்துக்கும் சுமார் 60 லட்சம் கூம்புச் செல்கள். இருட்டுக்குச் சுமார் 12 கோடி குச்சிச் செல்கள். ஒளியின் மிகச் சிறிய துணுக்கு ஒன்றே ஒன்று பட்டாலும் ஒரு குச்சிச் செல் அதை உணர்ந்துவிடும் என்பதை 1942-இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவரும் செய்த சோதனை காட்டியது. இயற்பியல் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. இருட்டு கண்ணின் எதிரி அல்ல, அதன் பாதி வேலையே இருட்டில்தான்.

ஆனால் விழித்திரையில் நாம் எழுத்தைப் படிக்கப் பயன்படுத்தும் நடுப்புள்ளியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கே கூம்புகள் மட்டும்தான் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன, ஒரு குச்சிகூடக் கிடையாது. அதனால் மங்கிய வெளிச்சத்தில் அறையில் நடமாட முடிகிறது, எழுத்து மட்டும் பிடிபடாமல் நழுவுகிறது. கண்மணி விரிவதால் குவியும் கூர்மையும் குறைகிறது. பிள்ளை என்ன செய்யும்? புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகும். தசை இன்னும் இறுகும். கவனத்தில் இமைகள் வழக்கமான வேகத்தில் மூடித் திறக்க மறந்துபோகும். நிமிடத்துக்குப் பதினைந்து முறை சிமிட்டியது ஐந்தாறாகக் குறையும். கண் காயும், எரியும், நெற்றி வலிக்கும். அம்மா காலையில் பார்க்கும் சிவந்த கண் இதுதான். தூங்கி எழுந்தால் போய்விடும். செல்கள் தேய்ந்ததாகவோ பார்வை நிரந்தரமாகக் குறைந்ததாகவோ யாரும் காட்டியதில்லை. 2007-இல் மருத்துவர்களே நம்பும் பொய்கள் என்று ஏழைத் தொகுத்து ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மங்கிய வெளிச்சத்தில் படித்தால் கண் கெடும் என்பதும் அதில் ஒன்று. விழித்திரையை உண்மையிலேயே சுட்டுவிடக்கூடியது அதிக வெளிச்சம்தான். சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கு நேர்வது அது.

இதோடு முடிந்தால் வெளிச்சத்துக்கும் கிட்டப்பார்வைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடும். சம்பந்தம் இருக்கிறது, ஆனால் நாம் தேடிய இடத்தில் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் சீனாவில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் மக்கள்தொகையில் 10 முதல் 20 சதவீதம். இன்று அங்கே நகரங்களில் பள்ளிப் படிப்பை முடிப்பவர்களில் 80 முதல் 90 சதவீதம். மங்கிய வெளிச்சம்தான் காரணம் என்றால், விளக்கு வெளிச்சம் கூடக் கூடக் கிட்டப்பார்வை குறைந்திருக்க வேண்டும், கூடியிருக்கிறது. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஆறேழு வயதில் ஒப்பிட்டபோது, சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். பெற்றோரின் பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகப் படித்தவர்களும் அல்ல. பளிச்சென்று தெரிந்த வேறுபாடு, வாரத்தில் வெளியில் கழித்த நேரம். சிட்னியில் 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி.

குவாங்சோ நகரில் இதையும் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகள், சுமார் 1,900 பிள்ளைகள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது அங்கே 30.4 சதவீதம் பேருக்கு, மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்கு. வெளியே ஓடிய ஓட்டத்தைவிட அங்கிருக்கும் வெளிச்சம்தான் முக்கியம் என்கிறது கோழிக்குஞ்சு. மறைத்த கண் நீளாமல் இருக்க, மறைப்பை எடுக்கும் நேரத்தில் 15,000 லக்ஸ் விளக்குக்கு அடியில் வைத்தால் போதும், நீட்சி வெகுவாகக் குறைகிறது. பளிச்சென்ற ஒளியில் விழித்திரை டோபமின் என்ற இரசாயனத்தை அதிகம் சுரக்கிறது, அது சுவருக்கு "நில்" என்கிறது என்பது இப்போதைக்கு வலுவான விளக்கம்.

இப்போது லக்ஸ் கணக்கைப் பாருங்கள். ஜீரோ வாட்ஸ் பல்பை அணைத்துவிட்டு டியூப்லைட் போட்டால் வெளிச்சம் நூறைத் தாண்டும், படிப்பு மேசை விளக்கும் சேர்ந்தால் ஐந்நூறு. பகலில் வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம். "லைட்டைப் போட்டுப் படி" என்று அதட்டுவதால் தலைவலி குறையும், கண்ணின் நீளத்துக்கு அது கணக்கில் வராது. "புத்தகத்தை மூடிட்டு வெளியே போய் விளையாடு" என்பதுதான் கணக்கில் வரும். ஒரு வரம்பும் உண்டு: வெயில் வெளிச்சம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுவதில்தான் உறுதியான பலன் தருகிறது. ஏற்கெனவே நீளத் தொடங்கிய கண்ணை மெதுவாக்குவதில் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. அதற்கென்று விளிம்புப் பகுதியில் வேறு பவர் வைத்த கண்ணாடிகளும், மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் வந்திருக்கின்றன. கண்ணாடியால் கண்ணின் வளர்ச்சியைத் தடுக்கவும் முடியும் என்பது இந்தக் கதையின் எதிர்பாராத திருப்பம்.

சரியான கண்ணாடி போட்டு ஒருவர் கண் கெட்டதற்குச் சான்று தேடினால் கிடைப்பது கடினம். போடாமல் கெட்டதற்குச் சான்று மருத்துவமனைகளில் தினமும் வருகிறது. சில பிள்ளைகளுக்கு ஒரு கண் சரியாகவும் மறு கண் பிளஸ் 4 போலவும் இருக்கும். இரண்டு படங்களில் தெளிவானதை மட்டும் மூளை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். ஒதுக்கிய கண்ணுக்கான மூளைப் பகுதி ஏழெட்டு வயதுக்குள் பழகாவிட்டால், பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் முழுப் பார்வை வருவது அரிது. சோம்பேறிக் கண் என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். பிள்ளை புகார் சொல்லாது, ஏனென்றால் நல்ல கண்ணால் எல்லாம் தெரிகிறது. இந்தக் குறையுள்ள, மூன்றிலிருந்து ஏழு வயதுக்குட்பட்ட 84 பிள்ளைகளுக்கு ஓர் அமெரிக்க ஆய்வில் வெறும் கண்ணாடியை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 77 சதவீதம் பேருக்கு அட்டையில் இரண்டு வரியோ அதற்கு மேலோ முன்னேற்றம், 27 சதவீதம் பேருக்குக் குறையே நீங்கியது.

ஆகவே பாட்டிகளுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு நான்கு வயதாகும்போது, விளையாட்டாக ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரில் இருக்கும் காலண்டர் படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பிறகு மறு கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரு கண்ணை மூடினால் மட்டும் கையைத் தட்டிவிட்டு அடம் பிடித்தால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். அங்கே கண்ணாடி எழுதித் தருவதற்கு முன், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுதித் தந்த பவரைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.